பைகியூபிக் எல்லாப் படத்துக்கும் பொருந்தாது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் கணினிப் பக்கத்தில், சிறிய படத்தைப் பெரிதாக்கும்போது யோசிக்காமல் பைகியூபிக் முறையைத் தேர்ந்தெடுக்கலாம் என்று சொல்லியிருந்தது. நல்ல புகைப்படம் என்றால் சரிதான். ஆனால் நம் கோயில்களிலும் சமூக மன்றங்களிலும் ஒட்டப்படும் நிகழ்ச்சி அறிவிப்பு ஒன்றைப் பாருங்கள். நன்கொடைக்கான பேநவ் கியூஆர் குறியீடு, விருந்தினரின் புகைப்படம், பழைய பத்திரிகைத் துணுக்கு மூன்றும் ஒரே தாளில் இருக்கும். மூன்றையும் ஒரே முறையில் பெரிதாக்கினால் ஏதாவது ஒன்று கெடும்.

படத்தை இரு மடங்காக்கும்போது பழைய பிக்சல்களுக்கு நடுவே புதியவை வருகின்றன. அவற்றுக்கு என்ன நிறம் என்பதில்தான் மூன்று முறைகளும் வேறுபடுகின்றன. நியரஸ்ட் நெய்பர், அருகில் இருக்கும் ஒரே பிக்சலை அப்படியே நகலெடுக்கும். பைலீனியர், சுற்றியுள்ள 4 பிக்சல்களை எடுத்து, அருகில் இருப்பதற்கு அதிகப் பங்கு கொடுத்துக் கலக்கும். பைகியூபிக் 16 பிக்சல்களைப் பார்க்கும். அவற்றில் சற்றுத் தள்ளி இருக்கும் பலவற்றுக்குக் கழித்தல் குறியுள்ள பங்கைத் தரும். பைகியூபிக்கின் பலமும் தொல்லையும் அந்தக் கழித்தலில்தான் இருக்கின்றன.

கறுப்பு 0, வெள்ளை 255 என்று வைத்து, ஒரு வரிசையை மட்டும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இருண்ட பகுதியின் பிக்சல்கள் 50, 50, 50. அடுத்து வெளிச்சம் தொடங்குகிறது, 200. இரண்டாம், மூன்றாம் பிக்சல்களுக்கு நட்டநடுவே புதிய பிக்சல் ஒன்று வேண்டும். இரு பக்கமும் 50 என்பதால் பைலீனியரின் விடை 50. பரவலாகப் புழங்கும் பைகியூபிக் சூத்திரத்தில் நடுப்புள்ளிக்கான பங்குகள் −1, 9, 9, −1. கூட்டி 16ஆல் வகுக்க வேண்டும். அதாவது −50 + 450 + 450 − 200 = 650; வகுத்தால் ஏறக்குறைய 41. மூலப் படத்தில் இல்லாத ஒரு கருமை விளிம்பை ஒட்டி முளைத்துவிட்டது. வெளிச்சப் பக்கத்தில் இதேபோல் 50, 200, 200, 200 என்று போட்டால் 209 வரும். இருட்டு மேலும் இருண்டு, வெளிச்சம் மேலும் வெளுப்பதால் விளிம்பு கூர்மையாகத் தெரிகிறது. புகைப்படத்தில் கண்ணிமை, தலைமுடி, சேலைக்கரை எல்லாம் பளிச்சென்று வருவது இதனால்தான். இரு மடங்கு, மூன்று மடங்கு வரை இந்த ஆதாயம் கண்ணுக்குத் தெரியும். அதற்கு மேல் போனால் எந்த முறையும் மூலத்தில் இல்லாத விவரத்தைக் கொண்டுவந்து கொடுக்காது.

அதே கருமையும் வெண்மையும் பத்திரிகைத் துணுக்கில் எழுத்தைச் சுற்றி வளையமாக நிற்கும். ஆனால் எல்லா எழுத்திலும் அல்ல. தூய வெள்ளையில் (255) தூய கறுப்பு (0) என்றால் கணக்கு −16 என்றும் 271 என்றும் போனாலும், மென்பொருள் அவற்றை 0க்கும் 255க்கும் வெட்டிவிடும். வளையம் மறைந்து கூர்மை மட்டும் மிஞ்சும். பழுப்பேறிய தாளின் ஸ்கேனில் பின்னணி 200 அளவில் சாம்பலாக இருக்கும். வெட்ட எதுவும் இல்லாததால் ஒவ்வொரு எழுத்தின் ஓரத்திலும் வெளிறிய கோடு ஒன்று ஓடும். நெருக்கமான சுழிகள் உள்ள ண, ஞ போன்ற எழுத்துகளில் இரண்டு வளையங்கள் முட்டிக்கொண்டு சுழியின் உள்ளே வெளுப்பாகும். முதலில் லெவல்ஸ் கருவியில் தாளின் நிறத்தை வெள்ளைக்கு ஏற்றுங்கள், பிறகு பைகியூபிக்கில் பெரிதாக்குங்கள். தாளின் பழுப்பு அப்படியே வேண்டும் என்றால் பைலீனியர் போதும்.

கியூஆர் குறியீட்டுக்கு நியரஸ்ட் நெய்பர்தான், ஆனால் முழு எண் மடங்கில் மட்டும். ஒரு பக்கத்துக்கு 45 கட்டங்கள் உள்ள குறியீட்டை எடுத்துக்கொள்வோம். சுற்றிலும் விட வேண்டிய 4 கட்ட வெள்ளை இடத்தையும் சேர்த்தால் 53. கட்டத்துக்கு ஒரு பிக்சல் என்று 53 பிக்சல் அகலப் படம் கையில் இருக்கிறது. தாளில் 30 மில்லிமீட்டர் வேண்டும். அங்குலத்துக்கு 300 பிக்சல், அதாவது 300 டிபிஐ கணக்கில் 354 பிக்சல் என்று மென்பொருள் சொல்லும். அதை அப்படியே ஏற்றால் 53 வரிசைகளில் 36 வரிசைக்கு 7 பிக்சலும் 17 வரிசைக்கு 6 பிக்சலும் விழுந்து, கட்டங்கள் ஒழுங்கற்றுப் போகும். 7 மடங்காக, 371 பிக்சலாக ஆக்குங்கள். பிறகு பிக்சலைத் தொடாமல் டிபிஐயை மட்டும் 314 என்று மாற்றினால் அதே 30 மில்லிமீட்டர் கிடைக்கும். இந்தச் சிறிய மூலத்தைப் பைலீனியரில் பெரிதாக்கினால் தனித்து நிற்கும் ஒவ்வொரு கறுப்புக் கட்டமும் சாம்பல் மேடாகிவிடும். கைப்பேசி அருகில் வைத்தால் படிக்கும். மின்தூக்கிக்குப் பக்கத்தில் அரை வெளிச்சத்தில் ஒட்டிய தாளில் தடுமாறும். மூலத்திலேயே கட்டத்துக்குப் பத்துப் பிக்சல் இருந்தால் எந்த முறையாக இருந்தாலும் கவலை இல்லை, மங்கல் ஓரத்தோடு நின்றுவிடும். கியூஆர் ஜேபெக் கோப்பாக வந்திருந்தால் முதலில் அதைத் தூய கறுப்பு வெள்ளையாக்க வேண்டும். இல்லாவிட்டால் சாம்பல் பொடிகளும் ஏழு மடங்காகும்.

பைலீனியரை மங்கல் என்று ஒதுக்குகிறவர்கள் அதிகம். வாட்ஸ்அப்பில் பலமுறை கைமாறி வந்த படத்தில் அதுதான் கைகொடுக்கும். ஜேபெக் ஒரு படத்தை 8க்கு 8 பிக்சல் சதுரங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. மோசமாகச் சுருங்கிய படத்தில் இந்தச் சதுரங்களின் எல்லைகள் வெளிவந்திருக்கும். பைகியூபிக் அவற்றையும் உண்மையான விளிம்பு என்று நம்பிக் கூர்மைப்படுத்தும். கன்னத்திலும் வானத்திலும் ஓடு பாவியதுபோல் தெரியும். பைலீனியர் அந்த எல்லைகளை எடுப்பாக்காமல் விட்டுவிடும். எது தேவை என்று அறிய, முகத்தை விட்டுவிட்டு, பின்னால் உள்ள வெறும் சுவரை 400 விழுக்காட்டில் பாருங்கள். சதுரங்கள் தெரிந்தால் பைலீனியர், தெரியாவிட்டால் பைகியூபிக்.

மழை ரேடார் படம்போல ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் அளவு என்று விளக்கக் குறிப்பு உள்ள வரைபடத்துக்கு மீண்டும் நியரஸ்ட் நெய்பர். கலக்கும் முறைகள் பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே, குறிப்பில் எங்குமே இல்லாத ஒரு பழுப்பை உண்டாக்கிவிடும்.

ஜிம்ப் மென்பொருளில் Scale Image பெட்டியின் Interpolation வரிசையில் None என்பது நியரஸ்ட் நெய்பர், Linear என்பது பைலீனியர், Cubic என்பது பைகியூபிக். இமேஜ்மேஜிக் பயன்படுத்துவோருக்கு, மேலே சொன்ன வரிசையில்:

```
magick qr.png -filter Point -resize 700% qr7.png
magick forward.jpg -filter Triangle -resize 200% forward2.png
magick photo.jpg -filter Catrom -resize 200% photo2.png
```

ஒவ்வொன்றையும் தனித்தனியே பெரிதாக்கிய பிறகே தாளில் வையுங்கள். முழுத் தாளையும் ஒரே படமாக்கிவிட்டுப் பெரிதாக்கினால் முறையைத் தேர்ந்தெடுக்க வழியே இருக்காது. சரிபார்க்கும்போது திரையை 100 விழுக்காட்டில் வையுங்கள். 67, 150 போன்ற அளவுகளில் பார்க்கும் மென்பொருளே தன் பங்குக்குப் பிக்சல்களைக் கலந்தோ நகலெடுத்தோ காட்டுவதால், நீங்கள் குறை சொல்வது உங்கள் கோப்பிலேயே இல்லாத மங்கலாக இருக்கக்கூடும்.

அச்சு வடிவமைப்பாளர்,
ஈசூன்