28 நாள் கணக்கு

எம்மா இசக்கி,

உன் சம்பளத்தில் நீயே போன் வாங்கிவிட்டாய் என்று அம்மா கடைக்கு ஓடி வந்து சொன்னாள். சந்தோஷம். வீரவநல்லூரில் பாதிப் பேருக்கு ரீசார்ஜ் போடுகிறவன் நான், பெற்ற மகளுக்கு யாரோ ஓசூர்க் கடைக்காரன். சரி, போகட்டும்.

ப்ரீபெய்டு என்றால் முதலில் காசு, அப்புறம் பேச்சு, பில் வராது. வேலிடிட்டியைத்தான் கவனிக்கணும். மாசம் என்று விற்பது பெரும்பாலும் 28 நாள். நீ ஜூன் 3 அன்று போட்டாய், அந்த நாளையும் சேர்த்து எண்ணினால் 30ஆம் தேதி ராத்திரி 12 மணியோடு சரி. உனக்குச் சம்பளம் 7ஆம் தேதி. நடுவில் ஒரு வாரம் என்ன செய்வாய்? இப்படியே போனால் வருசத்துக்கு 13 தடவை போடணும். மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கிற பிளான் ஒன்றாவது இருக்கணும் என்று போன் கம்பெனிகளைக் கட்டுப்படுத்துகிற டிராய் 2022-இல் சொல்லிவிட்டது, அதைக் கேட்டு வாங்கு. கடைக்காரர்கள் நாங்களாகச் சொல்ல மாட்டோம்.

தினம் ஒன்றரை ஜிபி என்றால் மிச்சம் மறுநாளைக்கு வராது. தீர்ந்தால் நெட் சாகாது, ஆனால் ஒரு போட்டோ திறக்க வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு டேட்டா பேக் போடுவார்கள். அது நெட்டுக்கு மட்டும்தான், வேலிடிட்டி ஒரு நாள்கூட நீளாது. ‘நேத்துதானே காசு போட்டேன், கால் போகலையே’ என்று என்னிடம் சண்டைக்கு வருகிறவர்கள் எல்லாம் இந்தக் கேஸ்தான். 30ஆம் தேதியை மறந்துவிடாதே.

ஓசூரில் கர்நாடகா டவர் பிடித்தால் மேலே R என்று காட்டலாம். அதுதான் ரோமிங். நம் நாட்டுக்குள் இப்போது அன்லிமிடெட் பிளானில் அதற்குத் தனிக்காசு கிடையாது, பயப்படாதே. நெட் வரவில்லையென்றால் செட்டிங்ஸில் டேட்டா ரோமிங் ஆனில் இருக்கிறதா என்று பார்.

வேலிடிட்டி முடிந்தால் முதலில் நீ கூப்பிட முடியாது, அப்புறம் வருகிற காலும் நின்றுவிடும். அப்போது இங்கிருந்து அடித்தால் ரிங் போகாது, ஒரு பொம்பளைக் குரல் பேசும். உனக்கு ரிங் போகிறது, முழுசாகப் போகிறது. இருபது வருசமாக இதே தொழில், எனக்குத் தெரியாதா.

காலேஜ் மூன்று வருசமும் உனக்குப் போன் வாங்கித் தரவில்லை. காசில்லை என்று சொன்னேன். கண்ணாடிப் பெட்டிக்குள் நாலு செட்டு விற்காமல் கிடந்தது, நீயும் தினம் அதைத் துடைத்து வைத்தாய். பயம்தான், வேறென்ன. யாரிடம் பேசுவாயோ என்று.

30ஆம் தேதிக்கு முன்னால் நானே போட்டுவிடுகிறேன். பழைய பிளான் முடிந்ததும் அது ஆரம்பிக்கும், நாள் வீணாகாது. கோயில் கொடைக்கு லீவு கேட்டாயா? ஆச்சி தினம் விசாரிக்கிறாள். உனக்கு நைட் ஷிப்ட் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அப்பா