அம்மாவின் ஒரு ஸ்பூன்

அன்புள்ள மகளுக்கு,

கடுக்காய்ப் பொடி சாப்பிட்ட மறுநாள் நான்கு முறை கழிப்பறைக்கு ஓடினாயாம். அம்மா சொன்னாள். "நான் சொன்ன ஒரு ஸ்பூன்தானே போட்டாள்" என்று அவள் சாதிக்கிறாள். நீயும் ஒரு ஸ்பூன்தான் போட்டேன் என்கிறாய். இருவரும் பொய் சொல்லவில்லை.

நாட்டு மருந்துக் கடையில் முப்பது வருடம் தராசு பிடித்தவன் நான். என் வீட்டிலேயே மருந்தை ஸ்பூனில் அளக்கிறார்கள் என்பதை இதுவரை கவனிக்காதது என் தவறு. நேற்று உட்கார்ந்து அளந்து பார்த்துவிட்டேன்.

அம்மாவின் பொடி டப்பாவுக்குள்ளேயே கிடக்கிறதே ஒரு சின்ன எவர்சில்வர் ஸ்பூன், அதில் ஊசி போடும் சிரிஞ்சால் தண்ணீர் விட்டேன். 3 மில்லியில் நிரம்பிவிட்டது. நீ மெல்போர்னில் வாங்கியிருக்கும் அளவு ஸ்பூனில் 5 மில்லி பிடிக்கும். அந்தக் கொத்தில் உள்ள பெரிய கரண்டியை இதற்குத் தொடாதே. மற்ற பல நாடுகளில் மேசைக்கரண்டி 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20.

அடுத்தது எடை. நம் வீட்டுச் சமையல் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. ஒரு ஸ்பூன் பொடியை அதில் வைத்தால் 1 என்றும் காட்டும், 2 என்றும் காட்டும். அதனால் ஒரு கிண்ணத்தை வைத்துத் தராசைப் பூஜ்யமாக்கிவிட்டு, அம்மாவின் ஸ்பூனால் கத்தி முதுகில் தலைவழித்து இருபது ஸ்பூன் போட்டேன். மொத்தம் 28 கிராம். இருபதால் வகுத்தால் ஸ்பூனுக்கு 1.4 கிராம். அதே பொடி உன் 5 மில்லி ஸ்பூனில் தலைவழித்தால் சுமார் 2.3 கிராம் வரும். ஆனால் நீ தலைவழித்திருக்க மாட்டாய். கோபுரமாக அள்ளினால் ஏறக்குறைய இரட்டிப்பு, அதாவது நாலரை கிராம். அம்மா சாப்பிடுவதைப்போல மூன்று மடங்குக்கு மேல் உன் வயிற்றுக்குள் போயிருக்கிறது. ஓடாமல் என்ன செய்யும்?

இன்னொன்றையும் பார்த்தேன். டப்பாவைத் தரையில் நாலு தட்டுத் தட்டிவிட்டு அள்ளினால் அதே ஸ்பூன் கனக்கிறது. பொடி இறுகி, இடையில் இருந்த காற்று போய்விடுகிறது. புதிதாகச் சலித்த பொடி உப்பலாக இருப்பதால் லேசாக நிற்கும். ஒரு பொடிக்குச் சரியான கணக்கு இன்னொன்றுக்கு உதவாது என்பதும் இதனால்தான். 5 மில்லி ஸ்பூனில் உப்பு 6 கிராம் வரும், மஞ்சள்தூள் சுமார் 3, சுக்குத்தூள் 2 கூட வராது. கடுக்காய்க்குக் கண்ட எண்ணைத் திரிபலாவுக்குப் பொருத்தாதே. பொட்டலம் மாறினால் மறுபடி இருபது ஸ்பூன் எண்ணிவிடு, ஐந்து நிமிட வேலை.

பழைய ஏடுகளில் சூரணத்துக்கு 'வெருகடி' என்று ஓர் அளவு வரும். வெருகு என்றால் பூனை. விரல் நுனிகளைக் குவித்து அள்ளுகிற அளவைப் பூனையின் பாதத்துக்கு ஒப்பிட்டார்கள். எனக்குப் பிடித்த சொல். ஆனால் என் விரலும் உன் விரலும் ஒன்றா? எடை முக்கியமான இடத்தில் அந்த வைத்தியர்களே குன்றிமணியை எடுத்தார்கள். ஒரு குன்றி சுமார் 130 மில்லிகிராம். முப்பத்திரண்டு குன்றி ஒரு வராகனெடை, அதாவது 4.2 கிராம்.

கிராம் சரியாக வந்தாலும் மருந்து சரியாக வந்துவிட்டது என்று நினைக்காதே. கடுக்காய்க் கொட்டையை நீக்கிவிட்டுத்தான் தோலை இடிக்க வேண்டும். சோம்பல்பட்டு முழுக்காயாக மில்லில் கொடுப்பவர்கள் உண்டு. அந்தப் பொடியில் 2 கிராம் என்றால் அதில் கொட்டையும் சேர்ந்த 2 கிராம். கடையில் 'சாறு எடுத்து உலர்த்திய தூள்' என்று அச்சிட்டிருந்தால் அது வேறு பொருள். அதன் செறிவு பல மடங்கு இருக்கலாம். பெட்டியில் உள்ள மில்லிகிராமைத்தான் பார்க்க வேண்டும், நம் ஸ்பூன் கணக்கு அங்கே செல்லாது.

இங்குள்ள சித்த மருத்துவர் அம்மாவுக்கு எழுதிக்கொடுத்த சீட்டைத் தேடி எடுத்தேன். இரவில் 2 கிராம், வெந்நீரில். அப்படியானால் இத்தனை நாளும் அவள் சாப்பிட்டது சீட்டில் உள்ளதைவிடக் குறைவு. சொன்னேன். "எனக்கு அது போதும்" என்று டப்பாவை மூடிவிட்டாள்.

சீட்டு அவளுக்கு எழுதியது, உனக்கு அல்ல. நீ இரத்த அழுத்த மாத்திரை வேறு போடுகிறாய். அங்குள்ள உன் டாக்டரிடம் கேட்கும்போது ஸ்பூன் என்று சொல்லாமல் கிராமில் சொல். அதுவரை பொடியை எடுத்து வைத்துவிடு.

அம்மாவின் ஸ்பூனை உனக்குத் தபாலில் அனுப்பலாம் என்று பார்த்தேன். தரமாட்டேன் என்கிறாள்.

அன்புடன்,
அப்பா