முதலாமாண்டு மாணவியருக்கு: எந்த கேட், எந்த மேசை

ஞாயிறு விடுதியில் சேர வருபவர்கள் மெயின் கேட்டுக்குப் போக வேண்டாம். மேப் அங்கேதான் கொண்டுபோய் விடும், ஆனால் அது கல்லூரி அலுவலக வாசல், ஞாயிறு பூட்டியிருக்கும். போன வருடம் ஒரு குடும்பம் பெட்டி படுக்கையோடு அங்கே ஒரு மணி நேரம் நின்றது.

மெயின் கேட்டைத் தாண்டி இடதுபக்கம் திரும்பினால் தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே பச்சை நிற 3-ஆம் எண் கேட். காவலரிடம் அலாட்மென்ட் கடிதத்தைக் காட்டினால் கார் உள்ளே வரலாம். அப்புறம் நேராக சி பிளாக். தரைத்தளத்தில் மெஸ்ஸை ஒட்டிய மேசையில் நான் இருப்பேன். படியருகே இருக்கும் மேசை பார்சலுக்கானது, அங்கே வரிசையில் நிற்காதீர்கள்.

கையெழுத்துப் போட்டால்தான் அறைச் சாவி. காலை 8 முதல் மாலை 6 வரை. இரவு ரயிலில் வருபவர்கள் இன்றே இங்கே சொல்லிவிடுங்கள், சாவியைக் காவலரிடம் கொடுத்து வைக்கிறேன்.

– வார்டன்