ஏழில் ஐந்து என்று எண்ணாதீர்கள்: மருத்துவச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ்களிலும் வார இதழ்களிலும் தொலைக்காட்சிகளிலும் மருத்துவச் செய்திகளைக் கவனிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் மருத்துவ மாணவர்களுக்குப் புள்ளியியல் பாடம் எடுப்பவன். ஒரு சிகிச்சையைப் பற்றிய ஆய்வுகளை எல்லாம் திரட்டி அலசிய அறிக்கை வெளியானால், "இத்தனை ஆய்வுகளில் பலன் தெரிந்தது, இத்தனை ஆய்வுகளில் தெரியவில்லை" என்று எண்ணிச் சொல்வது நம் ஊடகங்களில் வழக்கமாகிவிட்டது. தயவுசெய்து இதை நிறுத்துங்கள். அந்த அறிக்கைக்குள்ளேயே ஃபாரஸ்ட் பிளாட் என்ற படம் இருக்கும். சதுரங்கள், கோடுகள், கடைசியில் ஒரு வைர வடிவம். அதைப் படிக்கத் தெரிந்தால் எண்ணிக்கை ஏன் ஏமாற்றும் என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் சின்னத்திலேயே இருக்கும் படத்தை எடுத்துக்கொள்வோம். குறைமாதத்தில் பிரசவம் ஆகிவிடும் என்ற நிலையில் இருக்கும் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால், வயிற்றில் இருக்கும் குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிரும். பிறந்தபின் மூச்சுத் திணறலில் இறப்பது குறையும். இதை மனிதர்களிடம் முதலில் சோதித்தவர்கள் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் லிக்கின்ஸ், ஹவி என்ற இரண்டு மருத்துவர்கள். முதல் முடிவு 1972-இல் வெளிவந்தது. அடுத்தடுத்து வந்தவற்றையும் சேர்த்து மொத்தம் ஏழு ஆய்வுகள் அந்தப் படத்தில் இருக்கின்றன.

முதல் வரி ஆக்லாந்து. ஊசி போட்ட பிரிவில் 532 குழந்தைகளில் 36 பேர் இறந்தார்கள், 496 பேர் பிழைத்தார்கள். போடாத பிரிவில் 538 பேரில் 60 பேர் இறந்தார்கள், 478 பேர் பிழைத்தார்கள். இறந்தவர்களைப் பிழைத்தவர்களால் வகுத்து, முதல் பிரிவின் விடையை இரண்டாவது பிரிவின் விடையால் வகுத்தால் 0.58 வரும். இதற்கு ஆட்ஸ் ரேஷியோ என்று பெயர். 1 என்றால் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசமே இல்லை. 1-க்கு இடப்பக்கம் போகப் போக ஊசிக்குச் சாதகம். படத்தின் நடுவே நிற்கும் செங்குத்துக் கோடுதான் இந்த 1. ஆக்லாந்தின் சதுரம் 0.58-இல் உட்கார்ந்திருக்கும்.

சதுரத்தின் இருபுறமும் நீளும் கோடுதான் முக்கியம். ஆக்லாந்துக்கு அது 0.37-இல் தொடங்கி 0.90-இல் முடிகிறது. இந்த ஒரு ஆய்வை மட்டும் வைத்துப் பார்த்தால், உண்மையான பலன் இந்த இரண்டு எல்லைக்குள் எங்கு இருந்தாலும் கிடைத்த முடிவோடு ஒத்துப்போகும் என்று பொருள். கோடு நீளமாக இருந்தால் அந்த ஆய்வால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. குட்டையாக இருந்தால் ஓரளவு உறுதியாகச் சொல்கிறது. அவ்வளவுதான்.

கோடு ஏன் நீள்கிறது? ஆட்கள் குறைவு என்பதுதான் பலர் சொல்லும் பதில். அது பாதி பதில்தான். இதே படத்தில் பிளாக் என்பவரின் ஆய்வில் 130 குழந்தைகள். டாய்ஷ் ஆய்வில் 127. ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் பிளாக்கின் கோடு 0.02-இலிருந்து 1.52 வரை ஓடுகிறது, டாய்ஷின் கோடு 0.37-இலிருந்து 2.83 வரைதான். கணக்கில் 2.83-க்கும் 0.37-க்கும் இடையே அதிக தூரம் இருப்பது போலத் தோன்றும். ஆனால் படத்தின் அளவுகோல் பெருக்கல் கணக்கில் போகிறது: 1-லிருந்து 2 எவ்வளவு தூரமோ, மறுபக்கம் 0.5-உம் அவ்வளவு தூரம். அந்த அளவுகோலில் பிளாக்கின் கோடு டாய்ஷின் கோட்டைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் நீளம். காரணம், பிளாக்கின் ஆய்வில் இரு பிரிவிலும் சேர்த்து இறந்தவை 6 குழந்தைகள். டாய்ஷ் ஆய்வில் 18. தகவல் ஆட்களின் எண்ணிக்கையிலிருந்து மட்டும் வருவதில்லை; எதை அளக்கிறோமோ அது எத்தனை முறை நடந்தது என்பதிலிருந்தும் வருகிறது. சதுரத்தின் பருமனும் இதைத்தான் காட்டுகிறது. ஏழு ஆய்வுகளிலும் சேர்த்து 187 இறப்புகள். அதில் 96 ஆக்லாந்தில். அதனால்தான் அதன் சதுரம் மட்டும் அவ்வளவு பெரிது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஏழு கோடுகளில் ஐந்து, நடுவில் இருக்கும் 1 என்ற கோட்டைத் தொட்டுத் தாண்டுகின்றன. தெளிவாக இடப்பக்கம் நிற்பவை ஆக்லாந்து ஆய்வும் டோரன் என்பவரின் ஆய்வும் மட்டுமே. டாய்ஷின் சதுரமோ 1.02-இல், ஊசியால் எந்த நன்மையும் இல்லை என்பது போல நிற்கிறது. எண்ணிக்கை முறைப்படி போனால் "ஏழில் ஐந்து ஆய்வுகளில் பலன் நிரூபணமாகவில்லை" என்று தலைப்பு வந்திருக்கும்.

அடியில் இருக்கும் வைரத்தைப் பாருங்கள். ஏழு ஆய்வுகளையும் அவை தரும் தகவலின் அளவுக்கேற்ப சேர்த்ததில் கிடைத்த விடை அது. அதன் நடுப்பகுதி 0.53. இரண்டு முனைகளும் 0.39, 0.73. வைரத்தின் அகலம்தான் மொத்தக் கணிப்பின் உறுதி; அது 1-ஐ நெருங்கக்கூட இல்லை. 0.53-லிருந்து மேல்நோக்கி ஒரு ஸ்கேலை வைத்துக் கோடு போட்டால், அது ஏழு ஆய்வுகளின் கோடுகளையும் வெட்டிக்கொண்டு போகும், டாய்ஷ் உட்பட. அதாவது ஐந்து ஆய்வுகள் "பலன் இல்லை" என்று சொல்லவே இல்லை. "எங்களிடம் இருக்கும் எண்ணிக்கையை வைத்து உறுதியாகச் சொல்ல முடியவில்லை" என்றுதான் சொல்கின்றன. பாதிக்குப் பாதி குறைந்திருக்கலாம் என்பதை ஏழில் ஒன்றுகூட மறுக்கவில்லை.

இந்த வித்தியாசத்துக்கு விலை இருந்தது. 1981-க்குள்ளேயே பெரும்பாலான ஆய்வுகள் வந்துவிட்டன. எல்லாவற்றையும் முறையாகச் சேர்த்த அலசல் 1990-இல்தான் இதழில் வெளியானது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு பரவலாகப் பரிந்துரைத்தது 1994-இல். நடுவில் எத்தனையோ மகப்பேறு மருத்துவர்கள் இந்த ஊசியைப் போடாமலே இருந்தார்கள்.

செய்தி எழுதும்போது இன்னொன்றும் கவனியுங்கள். 0.53 என்பதை "இறப்பு 47 சதவீதம் குறைந்தது" என்று எழுதிவிடாதீர்கள். ஆட்ஸ் வேறு, சதவீதம் வேறு. ஊசி போடாத 1004 குழந்தைகளில் 120 பேர் இறந்தார்கள், போட்ட 1007 பேரில் 67 பேர். தோராயமாக நூற்றுக்குப் பன்னிரண்டு ஏழானது. வாசகருக்கு இந்த எண்ணைக் கொடுங்கள்.

அப்புறம், வைரத்தையே வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் கூடாது. மேலே இருக்கும் கோடுகள் ஒன்றோடொன்று சேராமல் ஆளுக்கொரு பக்கம் விலகி நின்றால், அவற்றின் சராசரிக்கு அர்த்தம் குறைவு. எங்கே, யாரிடம் செய்த ஆய்வுகள் என்பதும் முக்கியம். இந்தியா உட்பட ஆறு நாடுகளில் நடந்து 2015-இல் வெளியான ஆக்ட் என்ற ஆய்வில், சாதாரண சுகாதார மையங்கள் வரை இந்த ஊசியைக் கொண்டுபோனபோது எதிர்பார்த்த நன்மை கிடைக்கவில்லை. மொத்தத்தில் சிசு மரணம் சற்றுக் கூடியது. கர்ப்ப வாரத்தைச் சரியாகக் கணிக்க முடியாத இடங்களில், குறைமாதம் அல்லாத குழந்தைகளின் தாய்மார்களுக்கும் ஊசி போனது. 2020-இல் வெளியான இன்னொரு ஆய்வில், இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா மருத்துவமனைகளில், ஸ்கேன் மூலம் கர்ப்ப வாரத்தை உறுதிசெய்து டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசியைக் கொடுத்தபோது, பிறந்து 28 நாளுக்குள் இறந்த குழந்தைகள் 23.5 சதவீதத்திலிருந்து 19.6 சதவீதமாகக் குறைந்தார்கள்.

ஆகவே, அடுத்த முறை இப்படி ஓர் அறிக்கை வந்தால், படத்தையே அச்சிடுங்கள். வைரம் எங்கே நிற்கிறது, கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று வருகின்றனவா, ஆய்வு நடந்த இடம் நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் போன்றதா பெரிய மருத்துவமனையா என்று படத்துக்குக் கீழே நாலு வரி எழுதுங்கள். எழுதித் தர நேரம் இல்லையென்றால், பக்கத்து மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையில் கேளுங்கள். சொல்லித்தர ஆள் இருப்பார்கள்.

இப்படிக்கு,
புள்ளியியல் ஆசிரியர் ஒருவர்