குன்னூருக்கு மாவு பாக்கெட் அனுப்புகிறவர்களுக்கு: இந்த விளம்பரத்தை நான் பேச மாட்டேன், ஏன் என்றால்...

கீழேயிருந்து மலைக்கு இட்லி தோசை மாவு அனுப்பும் கம்பெனிக்காரர்களுக்கும், அவர்களுக்கு விளம்பரம் எழுதித் தருகிறவர்களுக்கும் வணக்கம்.

குன்னூரில் சின்னதாக ஒரு மளிகைக்கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் ஒன்பது வருஷம் வீட்டிலேயே கிரைண்டர் போட்டு மாவு அரைத்து, பக்கத்து லைன் வீடுகளுக்கும் இரண்டு டீக்கடைகளுக்கும் கொடுத்து வந்தேன். அதனால் மாவு எனக்குப் புதிது இல்லை. போன வாரம் உங்கள் லைன் வண்டியில் வந்த தம்பி ஒரு காகிதத்தைக் கொடுத்தார். உள்ளூர் கேபிளிலும் வண்டி மைக்கிலும் போடுவதற்கு 30 வினாடி விளம்பரமாம். "அக்கா, நீங்களே பேசிக் குடுங்க, உங்க குரல்னா எல்லாரும் நம்புவாங்க" என்றார். அவர் சொன்னது சரிதான், நம்புவார்கள். அதனால்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

காகிதத்தில் இருந்தது இது: "ஃப்ரெஷ் மாவு, வாங்கின உடனே ஊத்தலாம்! பத்தே நிமிஷத்தில் பஞ்சு இட்லி! ஏழு நாளும் அதே ருசி, கெடவே கெடாது! குளுகுளு மலையில ஃப்ரிட்ஜே தேவையில்ல!"

கடைசி வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் சேதம் முழுக்க அங்கேதான் நடக்கிறது. இங்கே பல வீடுகளில் ஏற்கெனவே இந்த நம்பிக்கை உண்டு. "நம்ம ஊரே ஃப்ரிட்ஜ் மாதிரிதானே" என்று பாலையும் மாவையும் சமையல்கட்டு மேடையிலேயே வைத்துவிடுவார்கள். சில கடைகளில் மாவு பாக்கெட்டை பிஸ்கட்டுக்குப் பக்கத்திலேயே அடுக்கி வைத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஃப்ரிட்ஜுக்குள் 4 டிகிரி, இங்கே ஏப்ரல் மத்தியானத்தில் 24, ராத்திரி குளிரென்று நாம் போர்த்திக்கொள்ளும்போதும் பெரும்பாலும் 15, 16 இருக்கும். நமக்கு அது குளிர். மாவுக்குள் இருக்கும் நுண்ணுயிர்களுக்கு அது வேகம் குறைகிற அளவுதான், நிற்கிற அளவு இல்லை. அவை மும்முரமாக வேலை செய்வது 30 டிகிரி வாக்கில், அதனால்தான் கீழே எட்டு மணி நேரத்தில் பொங்குகிற மாவு இங்கே ராத்திரி முழுக்க வைத்தாலும் அசையாமல் கிடக்கிறது. அதைப் பார்த்துத்தான் ஜனங்கள் "இங்கே மாவு புளிக்காது, அப்போ கெடவும் கெடாது" என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் நீங்கள் விற்பது ஏற்கெனவே பொங்கிய மாவு. அதற்குள் நுண்ணுயிர்கள் பெருகி நிறைந்து கிடக்கின்றன. அவற்றுக்கு 16 டிகிரியே தாராளம்.

இதை வாயால் சொன்னால் போதாது என்று ஏப்ரலில் நானே வைத்துப் பார்த்தேன். ஒரே நாள் பேக்கிங் தேதி போட்ட மூன்று பாக்கெட்டை எடுத்துக்கொண்டேன். ஒன்றைப் பிரிக்காமல் ஃப்ரிட்ஜின் உள் பக்கத்தில் வைத்தேன். கதவில் வைக்கவில்லை, கதவைத் திறந்து திறந்து மூடுவதால் அங்கே குளிர் நிற்காது. இரண்டாவதைக் கடை அலமாரியில் வைத்தேன். மூன்றாவதை வீடுகளில் நடப்பது போலவே தினமும் காலையில் வெளியே எடுத்து, மூலையை வெட்டி வேண்டிய மாவை ஊற்றிவிட்டு, பாக்கெட்டை ஒரு மணி நேரம் அடுப்பு மேடையில் விட்டு, அப்புறம் ரப்பர் பேண்ட் போட்டுத் திரும்ப ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

அலமாரியில் இருந்தது மறுநாள் காலையிலேயே தலையணை மாதிரி உப்பிவிட்டது. மூன்றாம் நாள் பிரித்தபோது மேலே தண்ணீர் தனியாக நின்றது, மாவு நாக்கைச் சுள்ளென்று இழுத்தது. நான்காம் நாள் புளிப்பைத் தாண்டி வேறொரு வாடை வந்ததும் கொட்டிவிட்டேன். தினம் எடுத்து வைத்தது நான்காம் நாள் வரை தோசைக்கு ஆயிற்று, அதற்குப் பிறகு வாயில் வைக்க முடியவில்லை. உள்ளேயே இருந்த பாக்கெட்டை மூன்றாம் நாள் பிரித்தேன், இட்லி நன்றாக வந்தது. மீதியை மூடி போட்ட டப்பாவில் ஊற்றி அதே இடத்தில் வைத்தேன். ஐந்தாம் நாள் தோசை முறுகலாக வந்தது, இட்லி கொஞ்சம் தட்டையாகிவிட்டது. ஏழாம் நாள் வெங்காயம், பச்சை மிளகாய் நறுக்கிப் போட்டுக் குழிப்பணியாரம் சுட்டேன், அந்தப் புளிப்பு அதற்குப் பொருத்தமாக இருந்தது. ஒரே கம்பெனி, ஒரே தேதி. ஒன்று நாலு நாளில் குப்பைக்குப் போனது, இன்னொன்று ஏழாம் நாளும் சாப்பிடக் கிடைத்தது.

இப்போது உங்கள் மூன்றாவது வரிக்கு வருகிறேன். "ஏழு நாளும் அதே ருசி." மாவைப் பொங்க வைக்கிற அதே நுண்ணுயிர்கள்தான் புளிப்பையும் உண்டாக்குகின்றன. பாக்கெட்டில் அடைத்துவிட்டால் அவை தூங்கிவிடுவதில்லை. ஃப்ரிட்ஜிலும் மெதுவாக அமிலம் சேர்ந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே ருசி, எத்தனை நாள், எங்கே வைப்பது என்று விளம்பரத்தில் தனித்தனியாகப் பிரித்து எழுதியிருக்கிறீர்களே, அது மூன்றும் ஒரே விஷயம்தான். நாள் ஏற ஏறப் புளிப்பு ஏறும், எவ்வளவு வேகமாக ஏறும் என்பது வைக்கிற இடத்தைப் பொறுத்தது. இதை மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. முதல் மூன்று நாள் இட்லி, அப்புறம் தோசை, கடைசியில் ஊத்தப்பம், பணியாரம் என்று சொன்னால் வாங்குகிறவருக்கு அது குறையாகவே தோன்றாது. எங்கள் வீடுகளில் மாவு வழக்கமாகப் போகிற வழியே அதுதான்.

உப்புகிற பாக்கெட்டைப் பற்றியும் பேசியாக வேண்டும், ரிட்டர்ன் வருவதில் பாதி அதனால்தான். மேட்டுப்பாளையத்தில் ஒழுங்காகத் தட்டையாக ஏற்றிய பாக்கெட் குன்னூரில் இறக்கும்போதே கொஞ்சம் உப்பியிருக்கும். சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் உள்ளே இருக்கிற காற்று விரிகிறது. ஊட்டிக்குப் போனால் இன்னும் கூடும். இது கெட்டுப்போன அடையாளம் இல்லை. வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம்: உயரத்தால் வந்த உப்பல் விரலால் அழுத்தினால் மெத்தென்று உள்ளே போகும், ஃப்ரிட்ஜில் வைத்த பிறகு மறுநாள் அதற்கு மேல் ஏறாது. பாக்கெட் ஒவ்வொரு நாளும் பெருத்துக்கொண்டே போய் மேளம் மாதிரி விறைத்தால் உள்ளே மாவு வேகமாகப் புளிக்கிறது என்று அர்த்தம், எங்கேயோ குளிர் விட்டுப்போயிருக்கிறது. பிரித்துப் பார்க்கும்போது தயிர் மாதிரி வாடை வந்தால் பயமில்லை. மேலே தண்ணீர் பிரிந்திருப்பது மட்டுமே என்றால் கலக்கிக்கொள்ளலாம். அழுகல் வாடையோ, இளஞ்சிவப்புப் புள்ளியோ கறுப்புப் புள்ளியோ இருந்தால் அந்த இடத்தை மட்டும் வழித்து எறிந்துவிட்டு மீதியை ஊற்றக் கூடாது, முழுவதையும் கொட்டிவிட வேண்டும்.

பத்து நிமிஷ இட்லி விஷயமும் இதே உயரத்தால்தான் இடிக்கிறது. இங்கே தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். நீராவியின் சூடு குறைவு, ஆகவே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த மாவைச் சில்லென்று ஊற்றிப் பத்து நிமிஷத்தில் இறக்கினால் நடுவில் பச்சை மாவு ஒட்டும். என் கஸ்டமர் ஒருவர் அப்படி ஒட்டிய இட்லியை டிபன் பாக்ஸிலேயே கொண்டுவந்து காட்டி, "மாவு சரியில்ல" என்றார். மாவு நன்றாகத்தான் இருந்தது. வேண்டிய அளவை மட்டும் கிண்ணத்தில் எடுத்து, முக்கால் மணி நேரம் வெளியே வைத்து, இட்லி குண்டானில் ஆவி நன்றாக வந்த பிறகு தட்டை உள்ளே வைத்து, 14 நிமிஷம் வேகவிடச் சொன்னேன். மறுநாள் வந்து இன்னொரு பாக்கெட் வாங்கிப்போனார். ஊட்டியில் இருப்பவர்கள் இன்னும் ஒரு நிமிஷம் சேர்த்துக்கொள்ளலாம்.

"ஃப்ரெஷ்" என்ற சொல்லையும் எடுத்துவிடுங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் வருஷத்து விளம்பர விதிகளில், கழுவுவது, தோல் சீவுவது, நறுக்குவது, குளிரூட்டுவது போன்றவற்றுக்கு மேல் எதுவும் செய்யாத உணவுக்குத்தான் அந்தச் சொல் என்று இருக்கிறது. ஊறவைத்து, அரைத்து, புளிக்கவைத்த மாவு அதில் வராது. அதற்குப் பதில் பேக்கிங் தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஏழு நாள் பேக்கிங் தேதியிலிருந்துதான் எண்ணப்படுகிறது. ஆனால் ஜனங்கள் வாங்கின நாளிலிருந்து எண்ணுகிறார்கள். என் கடைக்கு வரும்போதே ஒரு நாள் போயிருக்கும்.

இனி உங்களிடம் நேராக ஒன்று. விளம்பரத்தில் கஸ்டமரை ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லும் முன்னால், உங்கள் வண்டியைப் பாருங்கள். மாவு சாதாரண பிளாஸ்டிக் கிரேட்டில், தார்ப்பாய்க்கு அடியில் வருகிறது. மேட்டுப்பாளையத்தில் வெயில், கல்லாறு தாண்டும் வரை புழுக்கம், மலைப்பாதையில் லாரி ஒன்று நின்றுவிட்டால் இரண்டு மணி நேரம் அங்கேயே. அங்கே போன குளிரை என் ஃப்ரிட்ஜ் திருப்பிக் கொடுக்காது. தெர்மாகோல் பெட்டியும் ஐஸ் பேக்கும் போட்டு அனுப்பினால் போதும், பெரிய குளிர்சாதன வண்டியெல்லாம் நான் கேட்கவில்லை. அப்புறம் ஜூன், ஜூலை மழையில் மரம் விழுந்து கரண்ட் போனால் சில நாள் ராத்திரி வரைக்கும் வராது. அந்த மாதங்களில் ஒரு லிட்டர் பாக்கெட்டைக் குறைத்து அரை லிட்டரைக் கூட்டி அனுப்புங்கள், வாங்கினவர்கள் இரண்டு வேளையில் தீர்த்துவிடுவார்கள்.

உங்கள் காகிதத்தின் பின்பக்கத்தில் நான் எழுதியிருப்பது இது. கடிகாரம் வைத்து நாலு தடவை வாசித்துப் பார்த்தேன், 30 வினாடிக்குள் நிதானமாகச் சொல்ல முடிகிறது:

"குன்னூர் மக்களே, அரைச்சுப் பொங்க வச்ச இட்லி மாவு. பாக்கெட்டுல பேக்கிங் தேதியைப் பாருங்க, அதுலருந்து ஏழு நாள். நம்ம ஊர் குளிர் மாவுக்குப் பத்தாது, ஃப்ரிட்ஜ் உள்பக்கம் வைங்க. வேணுங்கிறதை மட்டும் எடுத்துட்டு மீதியை உடனே உள்ள வைங்க. முதல் மூணு நாள் இட்லி, அப்புறம் தோசை, கடைசியில பணியாரம். மலையில இட்லிக்குப் பதினாலு நிமிஷம் விடுங்க!"

இதில் ஒரு வார்த்தையும் விற்பனையைக் குறைக்காது என்று நினைக்கிறேன். இப்படியே என்றால் காசு வாங்காமல் பேசித் தருகிறேன். வியாழக்கிழமை வண்டியில் தம்பியிடம் பதில் சொல்லி அனுப்புங்கள், முடிந்தால் அந்தத் தெர்மாகோல் பெட்டியோடு.