மோட்டார் கொட்டகையில் படுக்கும் மகனுக்கு

ராசா,

வீடு இருக்க, நீ மோட்டார் கொட்டகையில் படுக்கிறாய் என்று சித்தப்பா சொன்னார். ஏன் என்று நான் கேட்கப்போவதில்லை. தரையில் பாய் விரித்துப் படுக்கிறாய் என்றாரே, அதுதான் எனக்குத் தூக்கம் வரவில்லை.

கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும். கடித்தால் பெரும்பாலும் வலிக்காது, வீங்காது, பல் தடம்கூடத் தெரியாது. நான் வார்டில் வேலை பார்த்தபோது உன் வயதுப் பையன் ஒருவன் வந்தான். நடுராத்திரியில் வயிற்றுவலி என்று எழுந்தவனுக்கு, வாயுத்தொல்லை என்று ஓமத்தண்ணீர் கொடுத்துப் படுக்கவைத்திருக்கிறார்கள். விடியும்போது இமையைத் தூக்க முடியவில்லை, பேச்சு குழறியது. அப்போதும் பாயை உதறிப் பாம்பைத் தேடினார்களாம்! எங்களிடம் வந்தபோது மூச்சே திணறியது. மருந்து ஏற்றியும் வென்டிலேட்டரில் நாட்கணக்கில் கிடந்துதான் பிழைத்தான். அந்த விஷம் நரம்பு முனையைக் கெடுத்துவிட்டால், விஷமுறிவு மருந்தால் அதைத் திருப்ப முடியாது. மேற்கொண்டு கெடாமல் தடுக்கத்தான் முடியும். முந்திப் போ என்பது அதனால்தான்.

எந்தப் பாம்பு என்று தெரியவே வேண்டாம். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்கும் ஒரே மருந்துதான். டாக்டர் உன் இமையைப் பார்ப்பார். ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் ஆடாமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார். செத்த பாம்பைப் பையில் போட்டுக்கொண்டு வருபவர்களைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். அடிக்கப் போனவனும் கடிபட்டு வந்த கதை உண்டு.

கடித்தால் ஓடாதே, நடக்காதே. மோதிரம், வாட்ச், காப்பு எல்லாவற்றையும் உடனே கழற்று. எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல, ஒரு குச்சியை வைத்துத் துணியால் தளர்வாகச் சுற்றி, அந்தக் காலையோ கையையோ ஆடாமல் வை. 108-ஐக் கூப்பிடு. வண்டி வரத் தாமதமானால், பைக்கில் இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்து அரசு மருத்துவமனைக்குப் போ. மருந்து இருக்கிறதா என்று சித்தப்பாவை முன்கூட்டியே போனில் கேட்கச் சொல்.

கயிறு மட்டும் கட்டாதே. ரத்த ஓட்டம் நின்று சதை அழுகும். அவிழ்த்ததும் தேங்கிய விஷம் மொத்தமாக ஏறும். யாராவது கட்டிவிட்டால் நீயாக அவிழ்க்காதே, ஆஸ்பத்திரியில் அவிழ்ப்பார்கள். கீறுவது, உறிஞ்சுவது, பச்சிலை, விஷக்கல் எதுவும் வேண்டாம். உன் மாமனார் வீட்டுப் பக்கம் மந்திரிப்பவர் ஒருவர் உண்டு, அவரிடமும் வேண்டாம்.

காரணமில்லாமல் ராத்திரி வயிற்றுவலி வந்தால், கடி தெரியாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடு. நடக்காதே என்றேனே, மறக்காதே.

நல்ல வேலையை விட்டு நம் நிலத்தில் உழவு ஓட்டுகிறாய் என்று எல்லாரிடமும் பெருமையாகத்தான் சொல்கிறேன். ஆனால் ஒரு போன் பண்ணக் கை வரவில்லையே உனக்கு. கட்டிலும் கொசுவலையும் சித்தப்பாவின் டிராக்டரில் வருகின்றன. வலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் நன்றாகச் செருகிவிட்டுப் படு. கட்டில் இரண்டு பேர் படுக்கிற அளவுதான் வாங்கியிருக்கிறேன்.

அம்மா