ஆல் பூத்த கதை

அன்புள்ள மங்கை,

நான்கு மாதமாகப் பதில் போடவில்லை. திட்டுவதையெல்லாம் மனசுக்குள்ளேயே திட்டி முடித்துவிடு. இங்கே எல்லோரும் சுகம், என் முட்டியைத் தவிர. விஷயம் இதுதான்: நான் ஒரு பேய்க்கதை எழுதிவிட்டேன்.

சிரிக்காதே. பாம்புக் கதையை இழுக்காதே. இதில் யாரும் அலற மாட்டார்கள். இது காதல் கதை.

ஒருவன் ஒருத்தியிடம் கல்யாணம் செய்துகொள்கிறாயா என்று கேட்கிறான். அவள் ஆலமரத்தடியில் நின்றுகொண்டு, "இந்த மரம் பூக்கட்டும், கட்டிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள். ஆலமரம் பூத்து யார் பார்த்தார்கள்? முடியாது என்பதை நாசூக்காகச் சொல்லியிருக்கிறாள். இவனுக்குத்தான் நாசூக்கு புரியாதே! அங்கேயே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஒருநாள் செத்தும் போனான். அப்போதும் எழுந்து போகவில்லை.

என் பேய்க்குச் சலங்கையும் கிடையாது, சிரிப்பும் கிடையாது. ராத்திரி பழம் தின்ன வரும் வௌவால்கள் அவன் நெஞ்சுக்குள் புகுந்து முதுகு வழியாகப் போகும். ஒவ்வொன்றிடமும் "பார்த்துப் போ" என்பான். அவ்வளவுதான் அவனுடைய அமானுஷ்யம். அவள் அன்று நின்ற இடத்தில் சணல் கயிறு மாதிரி ஒரு விழுது தொங்கியது. அது மண்ணைத் தொட்டதும் பருக்க ஆரம்பித்தது. இப்போது இரண்டு கையாலும் கட்டினால் விரல் எட்டவில்லை. அதுதான் அவனுக்குக் காலண்டர்.

பேய் எப்படிக் கட்டிப்பிடிக்கும் என்று நீ கேட்பாய். அதில் இரண்டு வாரம் மாட்டிக்கொண்டேன். எல்லாவற்றுக்குள்ளும் புகுந்து போகிறவன் மரத்தில் மட்டும் எப்படிச் சாய்ந்து உட்காருவான்? கடைசியில் ஒரு சட்டம் போட்டேன்: தான் காத்திருக்கும் மரத்தை மட்டும் பேயால் தொட முடியும். சட்டம் போட்ட பிறகுதான் கதையே நகர்ந்தது.

அப்புறம் அவள் வருகிறாள், எண்பத்தி இரண்டு வயதில், தானும் செத்துப்போய், பல் இல்லாமல். அவன் இன்னும் இருபத்தி நான்கிலேயே நிற்கிறான்.

"ஏன் இவ்வளவு நேரம்?"

"கல்யாணம், மூன்று பிள்ளை, ஏழு பேரன் பேத்தி. நீ என்ன செய்தாய்?"

"பூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்."

அவள் தலையில் அடித்துக்கொள்கிறாள். கை தலைக்குள் போய்விடுகிறது.

இந்த வயசு விஷயத்தில்தான் தூக்கம் போனது. அவளை இளமையாகக் கொண்டுவந்தால் அழகாக இருக்கும், எழுதியும் பார்த்தேன். பொய்யாக இருந்தது. இவர் போனது ஐம்பத்தெட்டில். எனக்கு இப்போது அறுபத்தி நான்கு. நான் போய் நின்றால் என்னை யாரென்று தெரியுமா, இல்லை அக்கா என்பாரா? உன்னிடம் தவிர இதை யாரிடம் கேட்பேன். சரி, விடு.

முடிவு கிடைக்காமல் தவித்தபோது ஒரு பச்சை ஆலங்காயைப் பிளேடால் பிளந்து பார்த்தேன். மங்கை, உள்ளே சுவர் முழுக்கப் பூ! கடுகைவிடச் சின்னதாக நூற்றுக்கணக்கில். நாம் காய் என்று நினைப்பதே பூக்களை உள்ளே பூட்டி வைத்த பைதான். நுனியில் இருக்கும் துளை வழியாக ஒரு பொடிக் குளவி, இறக்கை பிய்ந்தாலும் பரவாயில்லை என்று நுழைந்து, மகரந்தம் சேர்த்து, முட்டையிட்டு, உள்ளேயே செத்துவிடுமாம்.

அதனால் என் கிழவி சாவதற்கு ஒரு மாதம் முன்பு, தாவரவியல் படிக்கும் பேத்தி வாயால் இதைக் கேட்டுவிடுகிறாள். ஆலமரம் எப்போதோ பூத்துவிட்டது. அதுவும் அன்று அவள் "பூக்கட்டும்" என்று சொன்னபோதே தலைக்கு மேலே பூத்துக்கொண்டிருந்தது. வாக்கு வாக்குதானே? மரத்தடிக்கு வந்து ஒரு காயைப் பறிக்கப் பார்க்கிறாள். விரல் வழுக்கிப் போகிறது. அவள்தான் இந்த மரத்துக்குக் காத்திருக்கவில்லையே. அவன் பறித்துப் பிளந்து காட்டுகிறான். இத்தனை வருஷமும் பூ தன் தலையில் உதிர்ந்ததென்று தெரிந்ததும் அவனுக்கு வந்த கோபம் இருக்கிறதே, அந்தப் பக்கத்தை நீ அவசியம் படிக்க வேண்டும். மூன்று நாள் அவளோடு பேச மாட்டேன் என்கிறான். அவள், "அறுபது வருஷம் இருந்தாய், மூணு நாள்தானே, நான் இருக்கிறேன்" என்று விழுதில் சாய்கிறாள்.

சாய முடிகிறது.

பிரதி இத்துடன் வைத்திருக்கிறேன். குளவியை அவளே சொல்லட்டுமா, வெட்டிவிடட்டுமா என்று மட்டும் எழுது. உன் வீட்டுக்காரரிடம் கொடுக்காதே, எழுத்துப்பிழைதான் பார்ப்பார்.

உன்,
செல்வி

பி.கு.: நீயும் ஒரு காயைப் பிளந்து பார்ப்பாய், தெரியும். கையில் முதலில் எண்ணெய் தடவிக்கொள். அந்தப் பால் லேசில் போகாது. இந்தக் கடிதத்தின் மூலையில் ஒட்டியிருப்பதும் அதுதான்.